விலை 148, என்ஏவி 120: ஒரு இடிஎஃப் பிரீமியத்தைப் பிரித்துப் பார்த்த கதை

புதன்கிழமை காலை 11 மணி. புரோக்கர் திரையில், பங்கு மாதிரியே சந்தையில் வாங்கி விற்கப்படும் ஃபண்டான ஒரு இடிஎஃப்பின் யூனிட்டுக்குக் கடைசி விலை 148. அதே ஃபண்டின் என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டுக்கு உள்ளே இருக்கும் சொத்தின் மதிப்பு, 120. கணக்குப் போட்டால் விலை என்ஏவியைவிட 23.3 சதவீதம் அதிகம், இந்த அதிகப்படிதான் பிரீமியம். வாங்க நினைப்பவருக்கு உடனே இரண்டு சந்தேகம் வரும். ஒன்று, இந்த எண்களில் ஏதோ ஒன்று தப்பு. இல்லையென்றால் சந்தைக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது. இந்தக் கேஸில் இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் உண்மை. எது எவ்வளவு என்று பிரிப்பதுதான் வேலை.

ஃபண்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இது ஒரு மாதிரி ஃபண்ட். கணக்கைப் பின்தொடர வசதியாக எண்களை நானே வைத்திருக்கிறேன். ஆனால் அமைப்பு நிஜமானது, பல நாடுகளில் இருக்கிறது. அமெரிக்கத் தொழில்நுட்பப் பங்குகளின் குறியீடு ஒன்றைப் பின்பற்றும் ஃபண்ட் இது. பட்டியலிடப்பட்டிருப்பதோ ஆசியச் சந்தை ஒன்றில். யூனிட் கைமாறும் நேரத்தில் உள்ளே இருக்கும் பங்குகளின் சந்தை மூடிக் கிடக்கும். அந்தப் பங்குகள் கைமாறும் நேரத்தில் யூனிட்டின் சந்தை மூடியிருக்கும். போதாக்குறைக்கு, சில மாதங்களாக இந்த ஃபண்ட் புது யூனிட் வெளியிடுவதை நிறுத்தி வைத்திருக்கிறது.

சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்:

```
premium % = (price / NAV - 1) * 100
```

சிக்கல் சூத்திரத்தில் இல்லை. எந்த விலை, எந்த நேரத்து என்ஏவி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எந்த நாளின் என்ஏவி?

120 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு தேதி இருக்கும். பார்த்தால் திங்கள்கிழமை. இன்று புதன். செவ்வாய்க்கிழமை அமெரிக்கச் சந்தை மூடியது நமக்கு இன்று விடியற்காலை. அந்த விலைகளை வைத்துப் போட்ட செவ்வாய் என்ஏவி காலையில்தான் வெளியாகும். ஃபண்ட் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அது வந்துவிட்டது: 123.00. புரோக்கர் திரையும் விலை ஒப்பிடும் தளங்களும் இன்னும் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கின்றன. செவ்வாய் அன்று குறியீடு 2.5 சதவீதம் ஏறியிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆக முதல் திருத்தத்துக்கு ஒரே ஒரு தளத்தைத் திறந்தால் போதும். 148-ஐ 123-ஆல் வகுத்தால் பிரீமியம் 20.3 சதவீதம். தேதி பார்க்காததால் மட்டும் 3 புள்ளி கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. பிரீமியம் பற்றி வரும் அலறல்களில் பாதி இந்த இடத்திலேயே அடங்கிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்து, 123-உம் இந்த நிமிடத்து மதிப்பு இல்லை. அது விடியற்காலை மதிப்பு. அதற்கப்புறம் இரண்டு விஷயங்கள் நகர்ந்திருக்கின்றன. ஒன்று டாலர்: உள்ளூர்ப் பணத்துக்கு எதிராக 0.4 சதவீதம் ஏறியிருக்கிறது. உள்ளே இருப்பதெல்லாம் டாலர் சொத்து என்பதால் அது நேராக யூனிட் மதிப்பில் ஏறும். இன்னொன்று குறியீட்டின் ஃபியூச்சர்ஸ், அதாவது பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம். பங்குச் சந்தை மூடியிருந்தாலும் ஃபியூச்சர்ஸ் ஏறக்குறைய நாள் முழுவதும் ஓடும். அமெரிக்கச் சந்தை மூடிய தருணத்திலிருந்து இப்போது வரை அது 0.8 சதவீதம் ஏறியிருக்கிறது.

```
123.00 * 1.004 * 1.008 = 124.48
```

இதுதான் இப்போதைய நியாய மதிப்பின் மதிப்பீடு. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஃபியூச்சர்ஸ் திரையில் காட்டும் சதவீத மாற்றத்தை அப்படியே எடுக்கக் கூடாது. அது செட்டில்மென்ட் விலையிலிருந்து, அதாவது முந்தைய நாள் கணக்கை முடிக்க எடுத்துக்கொண்ட விலையிலிருந்து கணக்கிடப்பட்ட மாற்றம். நமக்கு வேண்டியது, பங்குச் சந்தை மூடிய நிமிடத்தில் ஃபியூச்சர்ஸ் எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்பது. அதை நிமிட சார்ட்டில்தான் எடுக்க முடியும். ஒப்பந்த மாதம் மாறும் வாரத்தில் இரண்டு எண்களும் ஒரே மாதத்தின் ஒப்பந்தமா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மாதங்களுக்கு இடையிலான விலை வித்தியாசம் ‘ஏற்றம்’ மாதிரி கணக்குக்குள் நுழைந்துவிடும்.

‘இதற்குத்தான் ஐஎன்ஏவி இருக்கிறதே’ என்று ஒருவர் கேட்கலாம். சந்தை நேரத்தில் அடிக்கடி புதுப்பித்துக் காட்டப்படும் உத்தேச என்ஏவி அது. உள்நாட்டுப் பங்குகளை வைத்திருக்கும் ஃபண்டுக்கு அது நல்ல கருவி, அதை மட்டும் பார்த்தாலே போதும். இந்த மாதிரி ஃபண்டுக்கு அது அரைக்கண் மட்டுமே திறந்திருக்கும். நம் திரையில் ஐஎன்ஏவி 123.49 என்று இருக்கிறது. 123-ஐ 1.004-ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே எண் வரும். ஆக, டாலர் மாற்றம் அதில் ஏறியிருக்கிறது, ஃபியூச்சர்ஸ் ஏறவில்லை. பங்கு விலைகள் விடியற்காலையோடு உறைந்து நிற்கின்றன. எந்த ஃபண்டின் ஐஎன்ஏவி எதைச் சேர்க்கிறது, எதை விடுகிறது என்பதை இப்படி ஒருமுறை பெருக்கிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். ஒருமுறை தெரிந்துகொண்டால் அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு திருத்தலாம்.

என்ஏவி உறைந்து நிற்பதன் உச்சக்கட்டம் 2011-இல் எகிப்தில் நடந்தது. போராட்டங்களுக்கு நடுவே ஜனவரி கடைசியில் மூடப்பட்ட கெய்ரோ பங்குச் சந்தை மார்ச் 23 வரை திறக்கவில்லை. ஆனால் எகிப்தியப் பங்குகளை வைத்திருந்த ஒரு இடிஎஃப் அமெரிக்காவில் தினமும் வர்த்தகமாகிக்கொண்டே இருந்தது. கிட்டத்தட்ட இரண்டு மாதம், உள்ளே இருந்த பங்குகளுக்குச் சந்தை விலை என்று ஒன்றே இல்லை. அந்த நிலையில் பிரீமியம் சதவீதம் என்று திரை காட்டும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. அப்போது யூனிட் விலைதான் மதிப்பைத் தேடிக்கொண்டிருக்கிறது, என்ஏவி பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது. சந்தை திறந்த முதல் நாளே எகிப்தின் முக்கியக் குறியீடு ஏறக்குறைய 9 சதவீதம் விழுந்தது.

எந்த விலை?

இனி 148-ஐப் பார்ப்போம். அது கடைசியாக நடந்த வர்த்தகத்தின் விலை. எப்போது நடந்தது? ஆர்டர் புக்கைத் திறந்தால் வாங்க நிற்பவர் 146.20, விற்க நிற்பவர் 148.00. கடைசியாக வந்த ஒருவர் மார்க்கெட் ஆர்டர் போட்டு விற்பவர் விலைக்கே வாங்கிவிட்டுப் போயிருக்கிறார். 148-இன் கதை அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுப்புள்ளி 147.10.

```
147.10 / 124.48 = 1.182
```

பிரீமியம் 18.2 சதவீதம். பிரீமியம் அசாதாரணமா என்று தீர்மானிக்க இந்த நடுவிலைதான் சரி. ஆனால் கையில் பணத்தோடு வாங்க நிற்பவருக்கு 148-தான் விலை. அவர் கொடுக்கப்போகும் பிரீமியம் 18.9. விற்பவருக்குக் கிடைப்பது 146.20, அதாவது 17.4. ஒரே நிமிடத்தில் மூன்று பேருக்கு மூன்று பிரீமியம். வாங்கவும் விற்கவும் எப்போதும் விலை சொல்லி நிற்கும் நல்ல மார்க்கெட் மேக்கர் இருக்கும் ஃபண்டில் இந்த மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இங்கே இடைவெளி 1.2 சதவீதம் இருப்பதே ஒரு தடயம். விலையைக் கட்டிவைக்க வேண்டியவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார் என்று அர்த்தம்.

இப்போது கணக்கைச் சேர்த்துப் பார்க்கலாம். திரை காட்டியது 23.3. பழைய தேதி, ஓடிய நேரம், கடைசி விலையின் சறுக்கல் மூன்றையும் கழித்தால் 18.2. ஆக, சுமார் 5 புள்ளி வெறும் அளவீட்டுப் பிழை. மிச்சம்? ஃபியூச்சர்ஸ் மதிப்பீட்டில் அரை சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம் என்று வைத்தாலும் 17-க்குக் கீழே வராது. அது நிஜமான பிரீமியம்.

இன்னொரு ஃபண்டில் இதே கணக்கைப் போட்டு முடிவில் அரை சதவீதம்தான் நின்றது என்றால் என்ன செய்வது? சும்மா விட்டுவிடலாம். அசாதாரணம் என்பதற்கு எல்லா ஃபண்டுக்கும் பொதுவான ஒரு கோடு கிடையாது. நன்றாகக் கைமாறும் உள்நாட்டுப் பங்குகளின் ஃபண்டில் அரை சதவீதம்கூட ஏன் என்று கேட்க வைக்கும். நேர வித்தியாசம் உள்ள ஃபண்டில் 1 சதவீதத்துக்கு யாரும் தலையைத் திருப்ப மாட்டார்கள். கடன்பத்திர ஃபண்டுகளில் பத்திரங்களை வாங்குபவர் விலைக்கு மதிப்பிடும் வழக்கம் பரவலாக இருப்பதால், ஒரு சின்ன பிரீமியம் பெரும்பாலான நாட்களில் தானாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். அதை யாரும் கொடுத்து ஏமாறவில்லை.

பழைய நாட்களைத் திரும்பிப் பார்க்கும்போது

18 சதவீதம் நேற்று முளைத்ததா, மாதக்கணக்கில் வளர்ந்ததா என்று தெரிய வேண்டும். எல்லோரும் செய்வது இது: தினசரி முடிவு விலையை ஒரு பத்தியில் இறக்கி, தினசரி என்ஏவியைப் பக்கத்துப் பத்தியில் இறக்கி, தேதிக்குத் தேதி வகுப்பது. நேர வித்தியாசம் உள்ள ஃபண்டில் இது குப்பையைக் கொடுக்கும். ஏன் என்று ஒரு சின்ன உதாரணத்தில் பார்க்கலாம்.

துளிகூடப் பிரீமியம் இல்லாத ஃபண்ட் ஒன்று. புதன் மாலை யூனிட் 100-இல் முடிகிறது, அப்போதைய உண்மையான மதிப்பும் 100. அன்று இரவு அமெரிக்கச் சந்தை 3 சதவீதம் விழுகிறது. புதன் தேதியிட்ட என்ஏவி 97. தேதிக்குத் தேதி வகுத்தால் அட்டவணையில் 3.1 சதவீதம் பிரீமியம். வியாழன் மாலை யூனிட் 97-இல் முடிகிறது, சரியான விலைதான். இரவு சந்தை 3 சதவீதம் திரும்ப ஏறுகிறது. வியாழன் என்ஏவி 99.91. அட்டவணையில் 2.9 சதவீதம் டிஸ்கவுண்ட். இந்த இரண்டு நாளில் யாரும் ஒரு காசு கூடுதலாகக் கொடுக்கவில்லை, குறைவாக வாங்கவும் இல்லை. ஆனால் சார்ட் போட்டால் ரம்பப் பல் மாதிரி மேலும் கீழும் குதிக்கும். அதைப் பார்த்து ‘டிஸ்கவுண்டில் வாங்கி பிரீமியத்தில் விற்கலாமே’ என்று உத்தி வகுப்பவர்களும் உண்டு.

சரி செய்வது எளிது. புதன் மாலை விலையைச் செவ்வாய் என்ஏவியோடு ஒப்பிட வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் தெரிந்திருந்த கடைசி மதிப்பு அதுதான். அப்படியும் பகல் நேரத்து ஃபியூச்சர்ஸ் அசைவு கொஞ்சம் ஒட்டியிருக்கும். அதைத் தினமும் திருத்த முடியாவிட்டால் 20 நாள் சராசரி எடுத்தாலே போதும். நேரக் கோளாறு ஒரு நாள் மேலே, மறுநாள் கீழே என்று அடிக்கும், சராசரியில் கரைந்துவிடும். நிஜப் பிரீமியம் கரையாது. நம் ஃபண்டில் அப்படிப் போட்டால், புது யூனிட் வெளியீடு நிற்கும் வரை சராசரி அரை சதவீதத்துக்குக் கீழேயே இருந்தது தெரிகிறது. நின்ற மாதத்திலிருந்து 4, 9, 13 என்று படியேறி இப்போது 18. இந்தப் படிக்கட்டு வடிவம்தான் முக்கியம். ஒரு நாள் பரபரப்பில் வந்த பிரீமியம் ஊசி மாதிரி எழும்பி இறங்கும், இப்படி ஏறாது.

இன்னொரு சோதனையையும் செய்யலாம். அதே குறியீட்டைப் பின்பற்றும் வேறொரு ஃபண்ட், புது யூனிட் வெளியிடும் வாசல் திறந்தே இருப்பது, அதே காலையில் 0.3 சதவீத பிரீமியத்தில் நிற்கிறது. குறியீட்டின் மேல் மக்களுக்கு மோகம் வந்திருந்தால் இரண்டிலும் தெரிய வேண்டும். ஒன்றில் மட்டும் தெரிகிறது. எனவே கோளாறு அந்த ஃபண்டின் கதவில் இருக்கிறது.

மூடிய கதவு

இடிஎஃப் விலையை என்ஏவிக்குப் பக்கத்தில் பிடித்து வைப்பது ஒரு வியாபாரம். அங்கீகரிக்கப்பட்ட பெரிய வர்த்தகர்கள் சிலர் இருப்பார்கள். யூனிட் சந்தையில் 2 சதவீதம் அதிகமாக விற்றால், அவர்கள் ஃபண்ட் நிறுவனத்திடம் என்ஏவி விலைக்குப் பணமோ பங்குகளோ கொடுத்து புது யூனிட்டுகளை மொத்தமாக உருவாக்கிக்கொண்டு, சந்தையில் விற்று லாபம் பார்ப்பார்கள். அந்த விற்பனையே விலையைக் கீழே தள்ளிவிடும். யூனிட் மலிவாகக் கிடைத்தால் நேர்மாறு: சந்தையில் வாங்கி, நிறுவனத்திடம் திருப்பிக் கொடுத்து என்ஏவியைப் பெற்றுக்கொள்வார்கள். இது நடக்கும் வரை பெரிய பிரீமியம் நிலைக்காது, ஏனென்றால் அது அவர்களுக்கு இலவசப் பணம்.

நம் ஃபண்டில் முதல் கதவு மூடியிருக்கிறது, இரண்டாவது திறந்திருக்கிறது. இந்தச் சமச்சீரின்மையைக் கவனியுங்கள். யூனிட் என்ஏவிக்குக் கீழே போனால் இப்போதும் யாரோ ஒருவர் வாங்கித் திருப்பிக் கொடுப்பார், ஆகவே டிஸ்கவுண்டுக்கு ஒரு தரை உண்டு. மேலே கூரை இல்லை. வெளியீடு நின்ற நாளிலேயே இது குறைந்த எண்ணிக்கையில் இருக்கும் யூனிட்டுகளை ஆளாளுக்குப் பிடுங்கும் சந்தையாக மாறிவிட்டது. யூனிட்டைக் கடன் வாங்கி விற்று பிரீமியத்தை மடக்கலாமே என்றால், சில்லறை முதலீட்டாளர்கள் கையில் சிதறிக் கிடக்கும் யூனிட்டைக் கடன் கொடுப்பவர் யார்? கிடைத்தாலும் 18 என்பது 30 ஆகாது என்று யார் உத்தரவாதம் தருவது?

கதவு ஏன் மூடுகிறது என்பதற்கு நிஜக் காரணங்கள் சாதாரணமானவை. இந்தியாவில் மியூச்சுவல் ஃபண்டுகள் எல்லாம் சேர்ந்து வெளிநாட்டில் முதலீடு செய்ய 700 கோடி டாலர் என்றும், வெளிநாட்டு இடிஎஃப்களில் போட தனியாக 100 கோடி டாலர் என்றும் வரம்பு வைக்கப்பட்டது. 2022 தொடக்கத்தில் முதல் வரம்பு நெருங்கியதும் புதுப் பணம் வாங்குவது நிறுத்தப்பட்டது. 2024 ஏப்ரலில் இரண்டாவது வரம்புக்கும் அதே கதி. சீனாவில் அந்நியச் செலாவணி ஒதுக்கீடு இதே வேலையைச் செய்தது. அங்கே 2024 ஜனவரியில் அமெரிக்க, ஜப்பானியப் பங்கு இடிஎஃப்களில் பிரீமியம் எகிறியபோது, ஃபண்ட் நிறுவனங்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கை அறிவிப்பு போட்டு, சில நாட்களில் காலை வர்த்தகத்தையே சிறிது நேரம் நிறுத்தி வைத்தன. எந்த நாடானாலும் ஃபண்ட் மேலாளரின் திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அனுமதிக்கப்பட்ட டாலர் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

கதவு திறக்கும் நாளில் என்ன நடக்கும் என்பதற்கு 2012-இன் TVIX-ஐ விடத் தெளிவான சாட்சி இல்லை. கறாராகச் சொன்னால் அது இடிஎஃப் அல்ல, கிரெடிட் சுவிஸ் வங்கி வெளியிட்ட, சந்தையில் வர்த்தகமாகும் கடன் பத்திரம். என்ஏவிக்குப் பதில் அதற்கு உத்தேச மதிப்பு என்று ஒன்று வெளியாகும். ஆனால் விலையைப் பிடித்து வைக்கும் வியாபாரம் அதே மாதிரிதான். அமெரிக்கச் சந்தையின் ஏற்ற இறக்க எதிர்பார்ப்பை அளக்கும் விக்ஸின் குறுகிய கால ஃபியூச்சர்ஸ் குறியீட்டில் தினசரி இரு மடங்கு அசைவைத் தருவது அதன் வேலை. 2012 பிப்ரவரி 21 அன்று, உள் வரம்புகளைக் காரணம் காட்டி வங்கி புதிதாக வெளியிடுவதை நிறுத்தியது. ஒரு மாதத்தில் பிரீமியம் 90 சதவீதத்தை நெருங்கியது. 14 டாலருக்கு மேல் விற்ற ஒன்றின் உள்ளே இருந்த மதிப்பு 8 டாலருக்கும் குறைவு.

மார்ச் 22 அன்று ஒரே நாளில் விலை சுமார் 29 சதவீதம் விழுந்தது. அன்று சந்தை முடிந்த பிறகுதான், வரையறுத்த அளவில் மீண்டும் வெளியிடப்போகிறோம் என்ற அறிவிப்பு வந்தது. அறிவிப்புக்கு முன்பே விலை ஏன் விழுந்தது என்று அப்போதே கேள்விகள் எழுந்தன. மறுநாள் இன்னொரு 30 சதவீதம். இரண்டு நாளில் விலை பாதி. அது பின்பற்றிய குறியீட்டில் அந்த அளவுக்கு எந்தச் சரிவும் இல்லை. வைத்திருந்தவர்கள் இழந்ததில் பெரும்பகுதி பிரீமியம் மட்டுமே. சந்தையின் போக்கைச் சரியாகக் கணித்தவருக்கும் அதே அடிதான் விழுந்தது.

வாங்குபவரும் ஏற்கனவே வைத்திருப்பவரும்

நம் ஃபண்டுக்குத் திரும்பி வருவோம். 148 கொடுத்து வாங்குபவரிடம் ‘அதிக விலை கொடுக்கிறீர்களே’ என்றால் பெரும்பாலும் வரும் பதில் இது: ‘இருக்கட்டும், விற்கும்போது எனக்கும் அதே பிரீமியம் கிடைக்குமே.’ கிடைக்கலாம். கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கு போட்டுவிடலாம். ஒரு வருடத்தில் குறியீடு நன்றாகவே ஏறுகிறது, 15 சதவீதம். உள்ளே இருக்கும் மதிப்பு 124.48-இலிருந்து 143.15 ஆகிறது. இதற்கிடையில் கதவு திறந்து பிரீமியம் 2 சதவீதத்துக்கு இறங்குகிறது. யூனிட் விலை 146.01. குறியீடு 15 சதவீதம் ஏறிய வருடத்தில் இவருக்கு 1.3 சதவீதம் நஷ்டம். டாலர் மாற்றத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பிரீமியம் முழுவதும் போய்விட்டால், போட்ட முதல் திரும்ப வரவே குறியீடு 18.9 சதவீதம் ஏற வேண்டும்.

ஆக இவர் இரண்டு பொருட்களை ஒரே பொட்டலத்தில் வாங்குகிறார். 124.48-க்கு அமெரிக்கப் பங்குகள். 23.52-க்கு ‘வரம்பை உயர்த்த மாட்டார்கள்’ என்ற பந்தயம். முதலாவதைப் பற்றி அவர் நாள் முழுக்கப் பேசுவார். இரண்டாவதை வாங்கியதே அவருக்குத் தெரியாது. மாதாமாதம் கண்ணை மூடிக்கொண்டு குறிப்பிட்ட தொகைக்கு வாங்குபவர்களிடம் இந்தப் பந்தயம் தவணையில் சேர்ந்துகொண்டே போகிறது. அதுதான் இதில் எனக்குப் பிடிக்காத பகுதி.

வாசல் திறந்திருந்த காலத்தில் என்ஏவி விலைக்கே வாங்கி வைத்திருப்பவர் நிலைமை தலைகீழ். அவர் கையில் இருக்கும் 124.48 மதிப்புள்ள பொருளுக்கு ஒருவர் 146.20 தர நிற்கிறார். விற்றுவிட்டு 0.3 சதவீத பிரீமியத்தில் இருக்கும் அந்த இன்னொரு ஃபண்டுக்கு மாறினால், அதே குறியீட்டில் அவரது பங்கு சுமார் 17 சதவீதம் கூடும். வரி, தரகு, இரண்டு பக்கத்து விலை இடைவெளி எல்லாம் போக எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் கேள்வி. வரிதான் பெரிய தீனி, அதை முதலில் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். இன்னொன்று, 146.20-இல் நிற்பவர் எத்தனை யூனிட்டுக்கு நிற்கிறார் என்பது. நம் ஆர்டர் புக்கில் அது 400. அடுத்தவர் 145.10, அதற்கடுத்தவர் 143. பத்தாயிரம் யூனிட் வைத்திருப்பவர் மார்க்கெட் ஆர்டர் போட்டால் அவரே பிரீமியத்தை உடைத்து அந்த உடைந்த விலையை வாங்கிக்கொள்வார். அவருக்கு வழி, விலை வரம்பு வைத்துப் போடும் லிமிட் ஆர்டர், சிறு சிறு துண்டுகளாக, சில நாட்களில்.

வாங்கியே தீர வேண்டும் என்பவருக்கும் லிமிட் ஆர்டர்தான். ஆனால் லிமிட்டை எங்கே வைப்பது? கடைசி விலைக்குப் பக்கத்தில் வைத்தால் அது லிமிட்டே அல்ல. நியாய மதிப்பு 124.48, ஏற்கத் தயாராக இருக்கும் பிரீமியம் 1 சதவீதம் என்றால் 125.72. இன்று அது நிறைவேறாது. நிறைவேறாமல் இருப்பது நல்லதுதான், அந்தப் பணம் இன்னொரு ஃபண்டுக்குப் போகட்டும்.

கதவு திறக்கப் போகிறதா என்பதை அறிவிப்புக்காகக் காத்திருக்காமல் கண்காணிக்க ஒரு வழி இருக்கிறது. ஃபண்டின் மொத்த சொத்து மதிப்பை அதே தேதியின் என்ஏவியால் வகுத்தால் வெளியில் இருக்கும் யூனிட்டுகளின் எண்ணிக்கை கிடைக்கும். பல நிறுவனங்கள் அதை நேராகவே வெளியிடுகின்றன. கதவு மூடிய ஃபண்டில் இந்த எண்ணிக்கை மாதக்கணக்கில் அசையாது. யாராவது திருப்பிக் கொடுத்தால் இறங்கும், ஏறவே ஏறாது. நம் ஃபண்டில் அது ஒரே எண்ணில் நிற்கிறது. அது என்றைக்காவது ஒரு உருவாக்கல் தொகுதி அளவுக்கு, உதாரணமாக 50,000 யூனிட், மேலே குதித்தால் உள்ளே யாரோ என்ஏவி விலைக்குப் புது யூனிட் வாங்கிவிட்டார் என்று பொருள். அந்த 50,000-உம் விற்பனைக்கு வரப்போவது இதே ஆர்டர் புக்குக்குத்தான், 400 யூனிட்டுக்கு மட்டும் இடம் இருக்கும் 146.20-இன் தலையில்.